சாவியைக் கொடுத்த பிறகும் வாடகை ஓடுமா?

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை உண்டு. சாரல் விழுகிற மூன்று மாதத்துக்கு ஒன்று, மீதி ஒன்பது மாதத்துக்கு ஒன்று. ஜூன் பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் மேலகரம், இலஞ்சி, காசிமேஜர்புரம் என்று சுற்றுவட்டாரத்தில் காலியாகக் கிடக்கும் மாடி வீடுகூட நாள் வாடகைக்குப் போய்விடும். செப்டம்பரில் அதே வீட்டைக் கேட்டு வர ஆள் இருக்காது.

ஒப்பந்த காலம் முடியும் முன்பே ஒருவர் வீட்டைக் காலி செய்தால், மீதி மாதங்களின் வாடகையையும் அவர் கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் பதில் மாறும் என்பதை எங்கள் பெரியப்பா வீட்டு விவகாரத்தில் நேரடியாகப் பார்த்தேன்.

நான் தென்காசியில் ஒரு வக்கீல் ஆபீஸில் பதினெட்டு வருஷமாக டைப்பிஸ்ட். வாடகை ஒப்பந்தம் மட்டுமே நூற்றுக்கணக்கில் அடித்திருப்பேன். பெரியப்பாவுக்கு மேலகரத்தில் ஒரு வீடு. கீழே அவரும் பெரியம்மாவும். மாடியை வாடகைக்கு விடுவார். மாதம் 8,000 ரூபாய். அதில்தான் இரண்டு பேருக்கும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கரண்ட் பில் எல்லாம். பென்ஷன் கிடையாது.

போன வருஷம் பிப்ரவரி 1-ஆம் தேதி ஒரு இளம் தம்பதி குடி வந்தார்கள். கணவருக்கு பேங்க் வேலை. டிசம்பர் 31 வரை 11 மாத ஒப்பந்தம். அட்வான்ஸ் 24,000 ரூபாய். ஒப்பந்தத்தைப் பெரியப்பா ஒரு ஜெராக்ஸ் கடையில், அங்கே ஏற்கெனவே இருந்த மாதிரியை வைத்து அடித்து வாங்கியிருந்தார். அதில் ஒரு வரி: ‘11 மாதம் முடியும் முன்பு வாடகைதாரர் காலி செய்தால், மீதமுள்ள அனைத்து மாதங்களுக்கும் உரிய வாடகையைச் செலுத்தக் கடமைப்பட்டவர் ஆவார்.’

ஏப்ரலில் அந்தத் தம்பிக்கு சேலத்துக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது. மே 31-இல் காலி செய்கிறோம் என்று ஏப்ரல் 20-ஆம் தேதியே சொல்லிவிட்டார்கள். பெரியப்பா ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதம். ஏழு எட்டு ஐம்பத்தாறு. “56,000 ரூபாய். அட்வான்ஸ் 24,000 போக, மீதி 32,000 கொடுத்துட்டு வண்டியைக் கட்டுங்க” என்றுவிட்டார்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் எனக்கு போன் செய்தாள். ஆறு மாதக் கர்ப்பம். “அக்கா, சேலத்துலயும் அட்வான்ஸ் கொடுக்கணும். இங்கயும் இவ்வளவு கேட்டா நாங்க எங்க போவோம்?” என்றாள். மறுநாள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

“நீ யாரு பக்கம் பேசுத?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். “கையெழுத்துப் போட்டுருக்காவல்லா? அவங்களுக்காக வெள்ளையடிச்சேன், மோட்டார் மாத்தினேன். மூணு வருஷம் இருக்கோம்னு சொன்ன வேற ஒரு குடும்பத்தை வேண்டாம்னு அனுப்பினேன். இப்போ நடுவுல போனா எனக்கு யாரு தருவா?”

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று கையெழுத்துப் போட்ட பிறகு பாதியில் போவது ஒப்பந்த மீறல்தான். டிரான்ஸ்ஃபர், கல்யாணம், பிரசவம் என்று காரணம் எதுவானாலும், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் விடவில்லை என்றால் மீறல் மீறல்தான். இருதரப்பும் இத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்ற வரி இருந்தால் பிரச்னையே வராது. பெரியப்பா ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை.

ஆனால் மீறியவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. இங்கேதான் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எங்கள் வக்கீல் ஐயா பெரியப்பாவுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகை அப்படியே கைக்கு வந்துவிடாது. அதற்கு மேல் கேட்க முடியாது என்கிற உச்சவரம்புதான் அது. அதற்குள் எது நியாயமான நஷ்டஈடோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும். உச்ச நீதிமன்றம் 1963-லேயே இதைச் சொல்லிவிட்டது. 2015-இல் இன்னொரு தீர்ப்பில், நஷ்டம் என்று ஒன்று ஏற்பட்டிருந்தால்தான் நஷ்டஈடு என்பதையும் தெளிவாக்கியது. ‘லாக்-இன்’ காலத்தின் மீதி வாடகையை நிலுவைக் கடன் போலக் கேட்ட ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2012-இல், அது கடன் இல்லை, நஷ்டத்தை நிரூபித்துப் பெற வேண்டிய தொகை என்றது.

அதற்கு முந்தைய 73-ஆவது பிரிவின் விளக்கத்தில் இன்னொரு விஷயம் உண்டு. நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அந்த நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதாவது வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு ஏழு மாதமும் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஏழு மாத வாடகையைக் கேட்க முடியாது. வேறு ஆள் பார்க்க வேண்டும். ஆள் கிடைக்கும் வரை காலியாகக் கிடந்த மாதங்கள், புது ஆளைக் கொண்டுவர ஆன தரகு போன்ற செலவுகள், புது வாடகை குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம் இவைதான் அவருடைய உண்மையான நஷ்டம்.

“அப்போ ஒப்பந்தத்துல எழுதினதுக்கு அர்த்தமே இல்லையா?” என்றார் பெரியப்பா.

“அர்த்தம் இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு நஷ்டம் வந்தா கேட்க அது ஆதாரம். ஆனா நஷ்டம் எவ்வளவுன்னு நீங்கதான் காட்டணும்” என்றார் ஐயா.

அடுத்த சண்டை சாவியில் வந்தது. மே 31 அன்று சாமானெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. அந்தத் தம்பி சாவியை நீட்டினார். பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “சாவியை வாங்கினா நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா.”

இதில் பெரியப்பாவுக்கு விவரம் தெரிந்திருந்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 111-ஆவது பிரிவுப்படி, வாடகைதாரர் வீட்டை ஒப்படைத்து, உரிமையாளர் அதை ஏற்றுக்கொண்டால் அத்தோடு குத்தகை முடிந்துவிடும். வாய்திறந்து எதுவும் சொல்லாமல் சாவியை வாங்கித் தன் வசம் வைத்துக்கொண்டாலே அது ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். அதனால் சாவி கைமாறும் நாள் மிக முக்கியம். அந்த நாள் வரை ஓடுவது வாடகை. அதற்குப் பிறகு கேட்பது நஷ்டஈடு. வாடகைக்கு யாரும் கணக்குக் காட்ட வேண்டாம். நஷ்டஈட்டுக்குக் காட்ட வேண்டும்.

இதைத் தெரியாமல், வீட்டைப் பூட்டி, நாலு பாத்திரத்தையும் ஒரு கட்டிலையும் உள்ளே போட்டுவிட்டு, “அப்புறம் வந்து எடுத்துக்கிறோம்” என்று சாவியோடு ஊருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்கள் காலி செய்ததாகவே கணக்கில் வராது. வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

பெரியப்பாவுக்கு ஐயா சொன்ன வழி எளிமையானது. ‘மீதிக் காலத்துக்கான நஷ்டஈடு கேட்கும் என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் சாவியைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் போதும். சாவியும் வந்துவிடும், உரிமையும் நிற்கும். வாங்காமலே இருந்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார்: தம்பி சாவியைக் கடிதத்தோடு ஒப்புகை உள்ள தபாலில் அனுப்பிவிடுவார். நாளைக்குக் கோர்ட்டில், ‘நான் ஒப்படைத்தேன், இவர்தான் வாங்காமல் வீட்டைச் சும்மா போட்டார்’ என்று அதையே காட்டுவார்.

அன்று லாரி காத்திருக்க, பெரியப்பா வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் நானே எழுதினேன். தேதி, நேரம், கரண்ட் மீட்டர் ரீடிங், எத்தனை ஃபேன், எத்தனை லைட், குழாய் எல்லாம் சரியாக இருக்கிறது, சாவி இரண்டு செட், மே மாதம் வரை வாடகை பாக்கி இல்லை, அட்வான்ஸ் 24,000 பெரியப்பா கையில் இருக்கிறது. கடைசியில் அந்த உரிமை வரி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி ஒவ்வொரு அறையையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். மொத்தமும் முக்கால் மணி நேரம்.

இப்போது அட்வான்ஸ் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றப்பட்டது), காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. அட்வான்ஸ் எவ்வளவு என்று இரு தரப்பும் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்றும் சொல்கிறது.

சிக்கல் இதுதான். ஒரு மாதத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டும். ஆனால் டிசம்பர் வரை வீடு காலியாகக் கிடக்குமா, ஆள் வருமா என்பது ஜூனில் யாருக்கும் தெரியாது. அதனால் பேசித்தான் முடிக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் பேச்சுவார்த்தை நடந்தது. அதற்குள் சாரல் ஆரம்பித்து, பெரியப்பா மாடியை சீசனுக்குத் திறந்துவிட்டிருந்தார். மதுரை, சிவகாசிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். ஆக ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்குப் பெரியப்பா நஷ்டம் பேச முடியாது. அந்தத் தம்பியும், “சீசன் முடிஞ்சா ரெண்டு மாசமாவது காலியாக் கிடக்கும்னு தெரியும் பெரியவரே. அதுக்கு நாங்க ஒரு மாச வாடகை விட்டுத்தாறோம்” என்று இறங்கி வந்தார். பெரியம்மா உள்ளே இருந்து, “வயித்துப்பிள்ளைக்காரி பாவம் நமக்கு வேண்டாம்” என்று குரல் கொடுத்தார். 8,000 பிடித்துக்கொண்டு 16,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார் பெரியப்பா. ‘இருவருக்கும் இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் ஆனது. இந்தக் கடைசி வரி இல்லாமல் பணம் கைமாறவே கூடாது.

என் ஆர்வத்துக்கு டிசம்பர் கடைசியில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு வந்திருக்க வேண்டியது 56,000. சீசனில் ஆள் கூலி, தண்ணீர் லாரி, கரண்ட் எல்லாம் போக மூன்று மாதத்தில் கையில் நின்றது 38,000. செப்டம்பரும் அக்டோபரும் பூட்டிக் கிடந்தது. நவம்பர் 1-இல் ஒரு டீச்சர் குடும்பம் அதே 8,000-க்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு 16,000. ஆக வந்தது 54,000. குறைந்தது 2,000. தரகருக்குக் கொடுத்தது அரை மாத வாடகை, 4,000. மொத்த நஷ்டம் 6,000 ரூபாய்தான். அவர் முதலில் கேட்டதோ 56,000!

இதே தம்பதி ஜூன், ஜூலை, ஆகஸ்டும் இருந்து, ஆகஸ்ட் 31-இல் காலி செய்திருந்தால்? மீதி நான்கே மாதம்தான். வர வேண்டியது 32,000; டீச்சர் குடும்பத்திடமிருந்து வந்தது 16,000. தரகோடு சேர்த்துப் பெரியப்பாவின் நஷ்டம் 20,000 ஆகியிருக்கும். மீதி மாதம் குறைந்தும் நஷ்டம் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கும். மீதி எத்தனை மாதம் என்பதைவிட, எந்த மாதத்தில் வீடு காலியாகிறது என்பதுதான் எங்கள் ஊரில் பெரிது. காலேஜ் ஊர்களில் ஜூன், ஜூலையும் இப்படித்தான். நீங்கள் இருக்கும் ஊருக்கும் இப்படி ஒரு காலண்டர் இருக்கும்.

இந்தக் கணக்கை ஐயாவிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஒரு ஓட்டையைக் காட்டினார். “சீசன் காசுக்காக அவர் ஜூன்லயே நிரந்தரமா ஆள் தேடலைன்னா, செப்டம்பர், அக்டோபர் காலியா கிடந்ததுக்குப் பழைய ஆள் எப்படிப் பொறுப்புன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பாரேம்மா?” அதனால்தான், நடுவில் கிளம்புகிறவர்கள் தாங்களே அதே வாடகைக்கு ஒரு நல்ல குடும்பத்தைக் காட்டிவிடுவது புத்திசாலித்தனம். வாயால் சொன்னால் போதாது. பெயரும் எப்போது வர முடியும் என்பதும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்க வேண்டும். அவர்களை வீட்டுக்காரர் காரணமில்லாமல் மறுத்தால், பிறகு நஷ்டம் என்று நிற்பது கஷ்டம்.

இதைப் படித்துவிட்டு, நடுவில் போனால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கடைகளில் கதை வேறு மாதிரியும் போகும். ஒருவருக்காகவே லட்சக்கணக்கில் செலவு செய்து கடையைக் கட்டிக் கொடுத்து, பதிவு செய்த பத்திரத்தில் மூன்று வருஷ லாக்-இன் எழுதியிருந்தால், வீட்டுக்காரரால் பெரிய நஷ்டத்தைக் காட்ட முடியும்.

கொரோனா காலத்தில் ஒரு சிப்ஸ் கடைக்காரர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். 2020-இலும் 2021-இலும் மாதக்கணக்கில் அருவிகளில் குளிக்கத் தடை. குளிக்க ஆள் வராவிட்டால் குற்றாலத்தில் சிப்ஸ் யார் வாங்குவார்? மூன்று வருஷ ஒப்பந்தத்தில் இரண்டு வருஷம் மீதி. “அருவியே மூடிக் கிடக்கு, வாடகை எதுக்கு?” என்றார். சட்டம் அவருக்குப் பாதிதான் கை கொடுத்தது.

வியாபாரம் நின்றுபோனாலும், கடை தன் வசம் இருக்கும் வரை வாடகை உண்டு. 2020 மே மாதம் டெல்லி கான் மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டபோது டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. தீயோ வெள்ளமோ வந்து கட்டடமே நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் ஒழிய, வாடகைதாரர் அந்தக் காரணத்தால் குத்தகையை ரத்து செய்ய முடியாது.

ஆனால் அவருடைய மூன்று வருஷ ஒப்பந்தம் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியதோடு சரி, பதிவு செய்யவில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பத்திரப் பதிவு ஆகியிருக்க வேண்டும். ஆகாவிட்டால் அந்த மூன்று வருஷம் என்பது சட்டத்தின் கண்ணில் நிற்காது. மாத வாடகையாகத்தான் பார்ப்பார்கள். 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பதிவு செய்யாத ஐந்து வருஷக் குத்தகை ஒன்றில் இப்படித்தான் சொன்னது. மாத வாடகையை 15 நாள் முன்னறிவிப்பில் எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம். நோட்டீஸ் அனுப்பி, பாக்கியைக் கட்டி, சாவியை ஒப்படைத்து அவர் வெளியே வந்தார். இருந்த மாதங்களுக்குக் கொடுத்தார். இல்லாத இரண்டு வருஷத்துக்குக் கொடுக்கவில்லை. 11 மாதம் என்று எல்லோரும் போடுவதற்கும் இந்தப் பதிவுதான் காரணம். ஆனால் 11 மாத ஒப்பந்தத்துக்கு இந்த வழி கிடையாது. அந்த 11 மாதம் சட்டப்படி நிற்கும். புதிய சட்டப்படி ஒப்பந்த விவரத்தை வாடகை அதிகாரியிடம் tenancy.tn.gov.in தளத்தில் பதிய வேண்டும் என்பது தனி. அது பத்திர ஆபீஸ் பதிவு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நவம்பரில் டீச்சர் குடும்பத்துக்கு ஒப்பந்தம் போடப் பெரியப்பா ஜெராக்ஸ் கடைக்குப் போகவில்லை, என்னிடம் வந்தார். “மீதி மாச வாடகை முழுசும்” என்ற பழைய வரியை அடிக்கச் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது இது: ‘இரு தரப்பில் யாரும் இரண்டு மாத எழுத்துப்பூர்வ முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முன்னறிவிப்பு குறைந்தால், குறையும் நாட்களுக்குரிய வாடகையை வாடகைதாரர் செலுத்த வேண்டும்.’

படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இன்னொண்ணு சேரு” என்றார். ‘ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காலி செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பே போதும்.’

பெரியப்பா காலண்டரைப் படித்துவிட்டார்.